ஆள் ஜாமீனும் மால் ஜாமீனும்

தமிழ் மக்கள் நாள்தோறும் புழங்கும் அரபுச் சொற்கள் பலவற்றுள் 'ஜாமீன்' என்பதும் ஒன்று. ளமான் என்றால் பொறுப்பேற்றல், பொறுப்பேற்றவன் ளாமின். அச்சொல் பாரசீகர் நாவில் ஸாமின் ஆகி, முகலாயர் காலத்து வருவாய்த் துறைக் கணக்கர்களின் எழுதுகோல் வழியாகத் தென்னாட்டுக்கு வந்து, ஜாமீன் என்று நம்முடையதாயிற்று. இன்று அருப்புக்கோட்டைச் சந்தையில் மல்லி மூட்டை சுமக்கும் தொழிலாளி முதல் திருச்சுழி நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் வரை இச்சொல்லை அறியாதார் இல்லை. ஆயினும் அது ஒரே சொல்லாக நம்மிடம் வந்து சேரவில்லை. பழைய வருவாய்த் துறை ஏடுகளில் இருவகை ஜாமீன்கள் தனித்தனியே பேசப்பட்டன. ஒன்று ஹாஜிர் ஜாமீன்: 'இந்த மனிதனைக் கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்துவேன்' என்பது. இதை நம் மக்கள் ஆள் ஜாமீன் என்றனர். மற்றொன்று மால் ஜாமீன்: 'இவன் கொடுக்கத் தவறிய பொருளை நான் கொடுப்பேன்' என்பது. மால் என்றால் செல்வம், உடைமை.

கடன் பத்திரத்தில் உறவினருக்காகவோ நண்பருக்காகவோ கையொப்பமிடும் மனிதரின் துன்பம், இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துபோனதில் தொடங்குகிறது என்பது நம் கருத்து. கையொப்பமிடுபவர் மனத்தில் ஆள் ஜாமீன் தருகிறார்; தாளில் இருப்பதோ மால் ஜாமீன். 'இவர் நல்லவர், எனக்குத் தெரிந்தவர்' என்று சான்று சொல்லவே அவர் வந்தார். 'இவர் கடன் என் கடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த வேறுபாட்டை நம் நாட்டுப் பழஞ்சட்டங்கள் நன்கு அறிந்திருந்தன. யாக்ஞவல்கியர் பெயரால் வழங்கும் சட்ட நூல் பிணையாளரை மூவகையாகப் பிரிக்கிறது. ஆளை முன்னிறுத்துவதற்குப் பிணை ஒன்று. அவன் நம்பத்தக்கவன் என்பதற்குப் பிணை ஒன்று. பணத்தைச் செலுத்துவதற்குப் பிணை ஒன்று. முதலிரண்டும் தந்தவன் இறந்துபோனால் அப்பொறுப்பு அவனோடு முடியும். மூன்றாவது மட்டுமே அவன் மக்களைத் தொடரும். நம்பிக்கை சொன்னவனையும் பணம் தருவதாகச் சொன்னவனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்னும் தெளிவு அதில் இருக்கிறது.

தமிழில் இதற்குப் பிணை என்றும் புணை என்றும் இரு சொற்கள் உண்டு. புணை என்பது ஆற்றைக் கடக்க உதவும் தெப்பத்துக்கும் பெயர். பழங்கல்வெட்டுகளில் கடன் பொறுப்பு ஏற்பவனையும் அது குறிக்கும். திருச்சுழியை அடுத்து, குண்டாற்றின் கரையில், பள்ளிமடம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்க் கோயிலில் 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. விளக்கெரிக்க ஆடுகள் விடப்பட்ட செய்தியை அவை சொல்கின்றன. அக்காலத்து ஏற்பாடு எளிமையானது. கொடையாளி ஆடுகளை விட்டுச் செல்வான். இடையன் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் அளவு குறித்த நெய்யைக் கோயிலுக்கு அளப்பான். ஆடு இறந்தாலும் கணக்கில் இறவாது. அதனாலேயே அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் இது ஒரு கடனே. முதல் குறையாது, வட்டி நெய்யாக வரும். இடையன் ஓடிவிட்டால் அல்லது மந்தை அழிந்துவிட்டால் நெய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கும் எழுந்தது. அதற்குத்தான் தமிழகத்தில் பல இடங்களில் இடையனுக்கு மற்றோர் இடையன் புணைப்பட்டான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஈடாக வைக்க நிலமில்லாதவனுக்கு மனிதனே ஈடானான்.

இந்தக் கரிசல் பூமியில் அந்த நிலை நெடுங்காலம் மாறவில்லை. தஞ்சையில் நஞ்சையை ஈடு வைத்தால் கடன் கொடுப்பவனுக்குத் தூக்கம் வரும். காவிரி அடுத்த ஆண்டும் வரும் என்பது அவன் கணக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிப் புன்செய்க்கு அந்த மதிப்பில்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுபவை. கண்மாய் நிரம்பாத ஆண்டில் ஏலம் கேட்கவும் ஆள் இராது. நெசவாளரிடமோ நிலமே இல்லை. தறி உண்டு, கைத்திறன் உண்டு. ஆகவே கடன் கொடுப்பவர் 'என்ன ஈடு' என்று கேட்பதைவிட 'யார் ஜாமீன்' என்று கேட்பதே இங்கு வழக்கமாயிற்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குப் பிறகு அரசும் அந்தக் கேள்வியையே கேட்டது. 1884ஆம் ஆண்டு உழவர் கடன் சட்டம், விதைக்கும் மாட்டுக்கும் அரசே கடன் தர வழி செய்தது. தக்காவிக் கடன் என்று ஊரார் அறிந்தது இதுவே. அக்கடன் திரும்பி வராவிட்டால், கடன் வாங்கியவரிடமிருந்து மட்டுமின்றி ஜாமீன் நின்றவரிடமிருந்தும், நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. நிலவரி பாக்கி என்றால் வழக்கு மன்றம் தேவையில்லை. தாசில்தாரின் ஜப்தி உத்தரவே போதும். பக்கத்து வீட்டுக்காரனின் உழவு மாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவன், தன் தீர்வையைக் கட்டி முடித்த பின்பும் தீர்வை பாக்கிக்காரன் ஆனான்.

பிறகு பிரடரிக் நிக்கல்சன் வந்தார். உழவர் வங்கிகளைப் பற்றி ஆராயும்படி சென்னை அரசு பணித்த இந்த ஆங்கில அதிகாரி, 1895இலும் 1897இலும் இரு பெரும் தொகுதிகளாகத் தம் அறிக்கையை அளித்தார். ஐரோப்பா முழுவதையும் அலசிவிட்டு அவர் சொன்ன முடிவு இரண்டே சொற்களில் அடங்கியது என்பர்: ரைபைசனைக் கண்டுபிடியுங்கள். ரைபைசன் என்பவர் செருமனியில், ரைன் நதிப் பக்கத்துச் சிற்றூர்களில் மேயராக இருந்தவர். 1846, 47ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டு, ஏழை உழவர்களைச் சங்கமாக்கினார். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊரில் ஒரு சங்கம். சங்கத்தின் கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தம் முழுச் சொத்தாலும் பொறுப்பு. இதுவே வரம்பற்ற பொறுப்பு எனப்பட்டது. எவரிடமும் தனித்து ஈடு இல்லாதபோது எல்லாரும் எல்லாருக்கும் ஜாமீன் ஆவது என்பது இதன் பொருள்.

இந்த எண்ணத்தையே 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்றது. ஊர்ப்புறச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் சென்னையை அடுத்த திரூரில் மாகாணத்தின் முதற் சங்கம் தோன்றியது. சங்கத்துக்குள்ளும் கடன் பெறுபவர் உறுப்பினர்களுள் சிலரைத் தனியே ஜாமீன் நிறுத்துவது வழக்கமாயிற்று. ஆக, ஓர் உழவர் இருமுறை கட்டப்பட்டார்: நண்பருக்காகப் பெயர் சொல்லி ஒருமுறை, சங்கத்துக்காகப் பெயர் சொல்லாமல் ஒருமுறை. இரண்டாவது முடிச்சை அவர்களுள் பலர் உணர்ந்ததே இல்லை. சங்கம் முறிந்து கலைக்கப்படும்போது, கலைப்பு அதிகாரி ஒவ்வோர் உறுப்பினரும் செலுத்த வேண்டிய பங்கைக் குறித்து உத்தரவிட, 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்திருந்தது. தாம் வாங்கிய கடனைத் தீர்த்து இரசீதும் பெற்றவர் கையில் அந்த உத்தரவு வந்து விழும்போதுதான் வரம்பற்ற பொறுப்பு என்ற தொடரின் பொருள் விளங்கும்.

நிக்கல்சனின் திட்டத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வட்டிக் கடைகளின் பிடியிலிருந்து உழவரை மீட்க அதைவிட நல்ல வழி அன்று எவரிடமும் இல்லை. ஆனால் வானம் பார்த்த பூமிக்கு அதில் ஒரு பொருந்தாமை இருந்தது. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்குவார் என்பதே ஜாமீனின் அடிப்படை. அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் வீழாதிருக்க வேண்டும். திருச்சுழிப் பக்கத்தில் ஓர் உழவருக்கு ஜாமீன் நிற்பவர் யார்? பக்கத்துப் புன்செய்க்காரர். அவருக்கும் அதே கரிசல், அதே கண்மாய், அதே மேகம். மழை தவறிய ஆண்டில் கடன் வாங்கியவரிடம் எப்போது பணம் இல்லையோ, அப்போதே ஜாமீன் நின்றவரிடமும் இல்லை. 1929க்குப் பின் உலக மந்தத்தில் பருத்தி விலையும் தானிய விலையும் சரிந்தபோது, மழை பெய்த ஊர்களிலும் இதே கதை நடந்தது. நன்கு அறிந்தவர்களே ஜாமீன் நிற்க வேண்டும் என்று ரைபைசன் விரும்பியதில் நேர்மைக்குக் காவல் இருந்தது. மழைக்குக் காவல் இல்லை. இக்காரணத்தால் கடன் கொடுப்போர் கண் வேறோரிடம் சென்றது. மழையைச் சாராத வருமானம் உடையவர், அதாவது மாதச் சம்பளக்காரர், ஜாமீனுக்கு உகந்தவர் ஆனார். பள்ளி ஆசிரியரும் மின்வாரிய ஊழியரும் ஊருக்குள் வந்தால் உறவினர்கள் கூடுதலாக உபசரிப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. ஏழாண்டு கழித்துத் திருச்சுழியில் இரமண மகரிஷி பிறந்தபோது, அவருடைய தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தார். கணக்கரிடம் எழுத்தராகத் தொடங்கி, மனு எழுதிக் கொடுப்பவராகி, பின்பு சான்றிதழ் பெறாத வக்கீலாக உயர்ந்தவர் அவர். மனு எழுதியே ஒரு மனிதர் முன்னுக்கு வர முடிந்ததென்றால், இந்த வறண்ட மூலையிலும் தாளும் முத்திரையும் எவ்வளவு விரைவில் வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டன என்பதை ஊகிக்கலாம். வாய்ச்சொல்லால் நடந்த உலகம் எழுத்துக்கு மாறியது. ஆனால் மக்கள் மனம் வாய்ச்சொல்லிலேயே நின்றது.

அச்சட்டத்தின் 128ஆம் பிரிவு ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்போடு ஒத்த அளவினது. 'அவர் தராவிட்டால் பிறகு என்னிடம் வரட்டும்' என்று நாம் மனத்தில் கொள்ளும் வரிசை அதில் இல்லை. தவணை தவறிய மறுநாளே கடன் கொடுத்தவர் இருவருள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். 132ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. புரோநோட்டில் இருவர் சேர்ந்து கையொப்பமிட்டால், தமக்குள் ஒருவர் ஜாமீன் மட்டுமே என்று அவர்கள் பேசி வைத்திருந்தாலும், கடன் கொடுத்தவருக்கே அது தெரிந்திருந்தாலும், அவர்முன் இருவரும் கடன்காரர்களே. 'நான் சும்மா துணைக்குப் போட்டேன்' என்ற விடை அங்கே விடையாகாது.

நீதி உணர்ச்சி உடைய நீதிபதிகளுக்கே இது சில வேளை உறுத்தியிருக்கிறது. பீகார் வங்கி தொடுத்த ஒரு வழக்கில், முதலில் விசாரித்த நீதிமன்றம் கடன்காரர், ஜாமீன்தாரர் இருவர்மீதும் தீர்ப்பளித்தது. ஆனால் கடன்காரரிடம் எல்லா வழிகளையும் முயன்று தீர்த்த பிறகே ஜாமீன்தாரரைத் தொட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தது. ஊர்ப் பெரியவர் எவரைக் கேட்டாலும் அதுவே நியாயம் என்பார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1968இல் அந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. கடன் கொடுத்தவர் காத்திருக்க வேண்டுமென்றால் ஜாமீன் வாங்கியதன் பயனே கெட்டுவிடும் என்பது அதன் காரணம். ஜாமீன்தாரருக்குச் சட்டம் தந்த ஆறுதல் வேறு: முதலில் கொடுத்துவிடு, பிறகு கடன் கொடுத்தவரின் இடத்தில் நீ நின்று கடன்காரரிடம் வசூலித்துக்கொள்.

உலகம் முழுவதும் இதுவே முறை என்று எண்ண வேண்டா. ரோமப் பேரரசர் சஸ்டீனியன் 535இல் பிறப்பித்த சட்டம், முதலில் கடன்காரரைத் தேடு, பிறகே ஜாமீன்தாரரிடம் போ என்றது. அந்த ரோமச் சட்டம் டச்சுக்காரர் வழியாக இலங்கைக்கு வந்தது. ஆகவே நம் பகுதி வணிகர்கள் கப்பலேறிச் சென்ற கொழும்பில் ஜாமீன்தாரருக்கு அந்தச் சலுகை இன்றும் உண்டு. ஆனால் கடன் கொடுப்போர் சளைத்தவர்களா? 'அச்சலுகையை நான் துறக்கிறேன்' என்று ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதி வாங்கிக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. ஃபிக்ஹுச் சட்டத்திலும் இக்கேள்வி ஆராயப்பட்டது. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் இருவருள் எவரையும் கேட்கலாம் என்றன. கடன்காரர் வசதியோடு எதிரில் இருக்கும்போது கஃபீலைத் தொந்தரவு செய்யலாகாது என்பது மாலிகி மத்ஹபில் நிலைபெற்ற கருத்து. மேலே சொன்ன ஊர்ப் பெரியவர் தம்மை அறியாமலே மாலிகியாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்!

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் வங்கியில் 3,00,000 ரூபாய் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஜாமீன். ஒருவர் பள்ளி ஆசிரியர், அவர் மனைவியின் அண்ணன். மாதச் சம்பளம் 40,000 ரூபாய். மற்றவர் ஐந்து ஏக்கர் கரிசலுக்கு உரியவர், பால்ய நண்பர். நூல் விலை ஏறித் தொழில் நொடிக்கிறது, தவணைகள் நிற்கின்றன. வங்கி மூவர்மீதும் வழக்கிட்டு, வட்டியும் செலவும் சேர்த்து 3,60,000 ரூபாய்க்குத் தீர்ப்புப் பெறுகிறது. இனி வங்கி யாரிடம் போகும்?

நெசவாளரிடம் இருப்பது தறி. கைவினைஞரின் தொழிற்கருவியை ஜப்தி செய்யலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. அவர் குடியிருப்பது வாடகை வீடு. நிலக்காரரின் வீடும் உழவர் வீடு என்பதால் காக்கப்படும், நிலம் காக்கப்படாது. ஆனால் நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர ஆண்டுக் கணக்காகும், வாங்கவும் ஆள் வேண்டும். ஆசிரியரின் சம்பளமோ மாதந்தோறும் தானாக வந்து நிற்கிறது. அதே 60ஆம் பிரிவின்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் அவருக்கு விடப்படும். அதாவது 1,000 போக 39,000இல் 26,000 சேர்ந்து, 27,000 ரூபாய் அவர் கைக்கு வரும். 13,000 ரூபாய் வங்கிக்குப் போகும். ஒரே தீர்ப்புக்காக இவ்வாறு 24 மாதம் வரையே பிடிக்கலாம். 24 மாதத்தில் 3,12,000 ரூபாய். வாங்கியவர் பணத்தில் ஒரு காசும் போகாமல், தறியையும் வீட்டையும் எவரும் தொடாமல், ஏறத்தாழ முழுக் கடனும் மைத்துனரின் சம்பளத்திலிருந்து தீர்ந்துவிட்டது. எஞ்சிய 48,000 ரூபாயை நிலக்காரர் கட்டி முடிக்கிறார். இதில் வங்கி எந்தச் சூழ்ச்சியும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல வசூல் எளிய இடத்தை நோக்கி ஓடியது, அவ்வளவே. ஜாமீன்தாரர்களுள் நேர்மையும் நிலைத்த வருவாயும் உடையவர் எவரோ, அவரே முதலில் கொடுக்கிறார்.

ஆசிரியருக்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. 146ஆம் பிரிவின்படி உடன் ஜாமீன்தாரர்கள் சம பங்காகத் தாங்க வேண்டும். 3,60,000இல் பாதி 1,80,000. ஆசிரியர் கொடுத்தது 3,12,000. மிகையான 1,32,000 ரூபாயை அவர் நிலக்காரரிடம் கேட்கலாம். பிறகு இருவரும் தத்தம் 1,80,000 ரூபாய்க்கு நெசவாளர்மீது வழக்கிடலாம். இரண்டுக்கும் மூன்றாண்டுக் காலக்கெடு. தாம் பணம் கட்டிய நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். ஆனால் தங்கையின் கணவரை நீதிமன்றத்தில் நிறுத்தும் அண்ணன் நம் ஊரில் எத்தனை பேர்? 'கொஞ்சம் நிமிரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று இரண்டு பெருநாள்கள் கழிகின்றன, மூன்றாவதும் கழிகிறது, உரிமை காலாவதியாகிறது.

இதற்குள் நெசவாளர் 'மஞ்சள் கடிதாசு' கொடுத்துவிட்டால், அதாவது தாம் திவாலானதாக மனுச் செய்து நீதிமன்றத்தின் விடுவிப்பைப் பெற்றுவிட்டால், ஜாமீன்தாரருக்கும் விடுதலை கிடைக்கும் என்று பலர் நம்புகின்றனர். 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம் அதை வெளிப்படையாகவே மறுக்கிறது: திவாலானவரின் விடுவிப்பு அவரோடு சேர்ந்து கட்டுப்பட்டவரையும் அவருக்கு ஜாமீன் நின்றவரையும் விடுவிக்காது. கடன்காரர் கரையேறிய பின்பும் தெப்பம் ஆற்றில் கிடக்கும்.

சட்டம் ஜாமீன்தாரரை முற்றிலும் கைவிட்டதாகச் சொல்வதும் முறையன்று. 128ஆம் பிரிவில் 'வேறு விதமாகச் சொல்லப்பட்டாலன்றி' என்றொரு சிறு வாசல் திறந்திருக்கிறது. '50,000 ரூபாய்க்கு மட்டுமே பொறுப்பு' என்று கையொப்பத்தின் மேலேயே எழுதிவிட்டால் பொறுப்பு அங்கேயே நிற்கும். அதை எழுதத் துணிந்தவரை நாம் அதிகம் கண்டதில்லை. தொகை குறிப்பது அவநம்பிக்கையின் அடையாளமாகக் கருதப்படுகிறது. 'அவரும் கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன்' என்று கடன் கொடுப்பவரிடம் நிபந்தனை சொல்லியே ஒருவர் கையொப்பமிட்டார், அந்த மற்றவர் சேரவில்லை என்றால், 144ஆம் பிரிவின்படி அந்த ஜாமீன் செல்லாது. ஜாமீன்தாரரைக் கேளாமல் கடனின் நிபந்தனைகளை மாற்றினாலும், கடன்காரருக்குத் தவணையை நீட்டித் தருவதாக ஒப்பந்தம் செய்தாலும் ஜாமீன்தாரர் விடுபடலாம். வங்கிகள் இதை நன்கு அறியும். ஆகவே அச்சிட்ட படிவத்தின் நடுப்பக்கத்தில், இந்த உரிமைகளையெல்லாம் முன்கூட்டியே விட்டுக் கொடுப்பதாகச் சிற்றெழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். கையொப்பம் கடைசிப் பக்கத்தில் கேட்கப்படும்.

வங்கிப் படிவத்திலாவது தொகை எழுதியிருக்கும். தனியார் கடனில் வெற்றுப் புரோநோட்டில் வில்லைமேல் கையெழுத்துப் போட்டுத் தரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தவர், அந்த முத்திரை தாங்கும் தொகை வரை எழுதிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்தவராகவே 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கொள்கிறது. கேட்டவுடன் செலுத்தும் புரோநோட்டில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் தீர்வை ஒன்றே. ஆகவே அந்தச் சின்ன வில்லை எத்தனை இலட்சத்தையும் தாங்கும்.

இங்கே ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறது. ஜனாஸா ஒன்று கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்குக் கடன் உண்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டார்கள். உண்டு, மூன்று தீனார் என்றனர். அதைத் தீர்க்க அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்றறிந்து, நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று நபியவர்கள் ஒதுங்கினார்கள். அப்போது அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து, அக்கடன் தம் பொறுப்பு என்றார்கள். பிறகே தொழுகை நடந்தது. ஜாமீனுக்கு ஆதாரமாக ஃபிக்ஹு நூல்கள் காட்டும் செய்தி இது. வரலாற்றுக் கண்ணோடு பார்த்தால் அதில் மூன்று செய்திகள் தெளிவாக நிற்கின்றன. தொகை தெரியும். கடன்பட்டவர் இனித் தரப்போவதில்லை என்பது தெரியும். ஏற்பவர் தம் கையிலிருந்து கொடுக்கப் போவதும் தெரியும். ஆள் ஜாமீன் என்று எண்ணிக்கொண்டு அவர்கள் மால் ஜாமீன் தரவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மல்லியும் மிளகாயும் வாங்கி விற்றவர். தம் மச்சான் ஒருவருக்காகப் புரோநோட்டில் ஒப்பமிட்டிருந்தார். வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாகவே அது அவருக்குத் தோன்றியிருக்காது. ஆண்டு இரண்டு சென்றன. அவர் காலமானார். நாற்பதாம் நாள் கழிந்து, மக்களும் மகளும் அமர்ந்து பங்கு பேசினர். நில அளவும் கடைச் சரக்கும் கணக்கிடப்பட்டு, யாருக்கு எது என்பதும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது வழக்கறிஞரின் அறிவிப்பு ஒன்று வந்து சேர்ந்தது. மூத்த மகன் அதைப் படித்துவிட்டு, "அத்தா கடன் வாங்கவே இல்லையே" என்றார்.

வாங்கவில்லைதான். ஆனால் இறந்தவரின் கடன் தீர்ந்த பின்பே வாரிசுகளின் பங்கு என்பது மார்க்கச் சட்டம். பெற்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பு என்பது நாட்டுச் சட்டம். ஜாமீன்தாரரின் மரணம் ஏற்கனவே பெற்ற கடனுக்கான பொறுப்பை அழிப்பதில்லை. பேசி முடித்த பங்குகள் மீண்டும் பிரிக்கப்பட்டன. தெற்குப் பக்கத்துக் கரிசல் இரண்டு ஏக்கர் விலையாயிற்று. மகளுக்கென்று ஒதுக்கியிருந்த நிலம் அது. அந்த மச்சான் அவ்வீட்டுக்கு வந்துபோவதை நிறுத்திக்கொண்டார். அவர் கெட்டவரல்லர், அவருடைய பருத்தியும் அவ்வாண்டு மழையில்லாமல் கருகியிருந்தது.